‘சேர்க்கை நடைபெறுகிறது’: பலகையில் விட்டுப்போகும் வரிகள்

மார்ச் பிறந்தால் போதும், தமிழ்நாட்டில் தெருமுனைதோறும் ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். நடுவில் பெரிய எழுத்தில் ‘சேர்க்கை நடைபெறுகிறது’ அல்லது ‘அட்மிஷன் ஓப்பன்’ என்றிருக்கும். சுற்றிலும் சிரிக்கும் குழந்தைகள், தாளாளரின் படம், ஸ்மார்ட் வகுப்பறை, கராத்தே, கீழே ஓர் அலைபேசி எண். அரசுப் பள்ளியின் பலகையாக இருந்தால் காலை உணவும் விலையில்லாப் பாடநூலும் இடம்பெறும். எந்தத் தேதிக்குள் பிறந்த பிள்ளையைச் சேர்க்கலாம், என்னென்ன காகிதம் எடுத்துவர வேண்டும் என்ற இரண்டும் மட்டும் பெரும்பாலும் இருக்காது. எண்ணுக்கு அழைத்தால் “நேர்ல வாங்க” என்பார்கள். நேரில் போனால் “பர்த் சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ் எங்கம்மா?” என்பார்கள். கூலிக்குப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம்.

ஒரு சேர்க்கைப் பலகை நல்லதா என்று பார்க்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. அதைப் படித்துவிட்டு வரும் பெற்றோர் ஒரே நடையில் வேலையை முடித்துவிட்டுப் போக முடிய வேண்டும். அப்படி ஒரு பலகையில் என்ன எழுதலாம், அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கும் சட்டமும் நடைமுறையும் என்ன என்று மேலிருந்து கீழாகப் பார்ப்போம். முதலாம் வகுப்பில் சேர்க்கும் ஒரு சாதாரணத் தொடக்கப் பள்ளியையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கல்வியாண்டு 2026-27.

பெயருக்குக் கீழே முதலில் வர வேண்டியது பள்ளியின் வகை. அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா, சுயநிதிப் பள்ளியா? அதையடுத்து எந்த வழி, தமிழா ஆங்கிலமா? ஏதோ அலுவலகத் தகவல் என்று பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும்போது இந்த இரண்டும் திரும்பி வந்து நிற்கும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தியபோது, கல்லூரிப் படிப்பை மட்டும் தமிழில் முடித்திருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்றாக்கினார்கள். ஆக, ஐந்து வயதில் விண்ணப்பத்தில் போடும் ஒரு டிக், இருபது வருடம் கழித்துக் கணக்கில் வருகிறது. வகையும் அப்படித்தான். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. இந்த வழியில்தான் படிக்க வேண்டும், இந்தப் பள்ளிதான் நல்லது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. பெற்றோர் தெரிந்து தேர்ந்தெடுக்க அந்த ஒரு வரி பலகையில் இருக்கட்டும்.

அடுத்தது தேதி. குழப்பம் அதிகம் நடக்கும் இடம் இதுதான், ஏனென்றால் இங்கே மூன்று வேறு தேதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. விண்ணப்பம் வாங்கும் நாள் ஒன்று. பள்ளி திறக்கும் நாள் இன்னொன்று. வயதைக் கணக்கிடும் நாள் மூன்றாவது. தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் முதலாம் வகுப்புக்கு ஜூலை 31 அன்று 5 வயது நிறைந்திருக்க வேண்டும். 2026-27-க்கு இதைக் கணக்கிட்டால், 31.7.2021 அன்றோ அதற்கு முன்போ பிறந்த பிள்ளை சேரலாம். ஆகஸ்ட் 1-இல் பிறந்த பிள்ளை அடுத்த ஆண்டு வர வேண்டும். பலகையில் ‘5 வயது நிறைந்தவர்கள்’ என்று மட்டும் போட்டால், எந்த நாளில் நிறைய வேண்டும் என்ற கேள்வி எழும். சேர்க்கைக்கு வரும் நாளிலா, ஜூன் மாதத்திலா? பிறந்த தேதியையே அச்சிட்டுவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஊரில் கேந்திரிய வித்யாலயாவும் இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். அங்கே முதலாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று 2022-23 முதல் மாற்றிவிட்டார்கள். 2021 ஜூன் மாதம் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் அந்தப் பிள்ளை 2026-லேயே முதலாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் 2027 மார்ச் 31-க்கும் 6 நிறைந்திருக்காது என்பதால் 2028-இல்தான் முதலாம் வகுப்பு. ஒரே பிள்ளை, ஒரே ஊர், இடையில் இரண்டு ஆண்டு வித்தியாசம். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளவில்லையாமே’ என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் பெற்றோர் இருக்கிறார்கள். தவறு அவர்களுடையதல்ல.

(அந்தக் காலத்தில் இந்தத் தலைவலியே இல்லை. தலைமையாசிரியரே ஒரு பிறந்த நாளைக் கொடுத்துவிடுவார். மே, ஜூன் மாதங்களில் ‘பிறந்த’ தாத்தாக்கள் நம் ஊரில் இத்தனை பேர் இருப்பது அதனால்தான்.)

தேதி வரியில் இன்னொன்றும் சேர வேண்டும். கடைசி நாளுக்குப் பிறகு வந்தால் என்ன? குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15-ஆம் பிரிவு, கல்வியாண்டு தொடங்கி நீட்டிப்புக் காலமும் முடிந்த பின்பு வந்தாலும் பிள்ளைக்குச் சேர்க்கை மறுக்கக்கூடாது என்கிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்டு ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு இந்த வரி தெரிந்தாக வேண்டும். ‘கடைசித் தேதி’ என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டு இதை விட்டுவிட்டால், அவர்கள் அடுத்த ஆண்டுதான் எட்டிப் பார்ப்பார்கள். அல்லது பார்க்கவே மாட்டார்கள்.

இனி ஆவணங்கள். முதலிடம் பிறப்புச் சான்றிதழுக்கு. இதில் ஒரு பெரிய மாற்றம் வந்திருப்பது இன்னும் பலருக்குத் தெரியாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023-இல் திருத்தினார்கள். அதன்படி 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்ட பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆவணம், பள்ளிச் சேர்க்கைக்கும் சேர்த்து. அந்தப் பிள்ளைகள் 2027 ஜூனில் எல்.கே.ஜி.க்கு வருவார்கள், 2029-இல் முதலாம் வகுப்புக்கு. இப்போது கையில் இரண்டு மூன்று வயதுக் குழந்தை இருப்பவர்கள் பள்ளிக்கு அலையும் முன் சான்றிதழை எடுத்துப் பார்ப்பது நல்லது.

எடுத்துப் பார்த்தால் பல வீடுகளில் ஒன்று தெரியவரும். பெயர் இருக்கும் இடம் காலி. மருத்துவமனையில் பிறந்த உடனே பதிந்தபோது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பெயர் இல்லாமலே சான்றிதழ் வந்திருக்கும். பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். வேலை சிறியதுதான். ஆனால் சேர்க்கைக்கு முந்தின நாள் நினைவுக்கு வந்தால் சிறியதல்ல.

பெயர் விஷயத்தை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கவின் என்றொரு பையன், பிறந்தது 14.6.2021, அப்பா செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் பெயர் காலி. இரண்டு வயதில் எடுத்த நீல நிற ஆதாரில் ‘கவின் செந்தில்குமார்’. அங்கன்வாடிப் பதிவேட்டில் ‘கவின்குமார்’. அப்பா பள்ளியில் சொல்வது ‘எஸ். கவின்’. நான்கும் ஒரே பையன்தான், வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் தலைமையாசிரியர் எமிஸ் என்னும் மாநிலக் கல்வித் தகவல் தளத்தில் பெயரை ஏற்றும்போது அது ஆதாரோடு பொருந்தாது. அன்றைக்கு ஒன்றும் ஆகாது, பையன் வகுப்பில் உட்கார்ந்துவிடுவான். பின்னால் உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு தொடங்கும்போதும், கணக்கை ஆதாரோடு இணைக்கும்போதும் சிக்கும். அதையும் தாண்டிப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஏறிவிட்டால், திருத்துவதற்கு அலையும் அலைச்சல் தனிக்கதை.

கவின் வீட்டில் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்க்க வேண்டும், ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்போதே முடிவுசெய்து. பிறகு அதை வைத்து ஆதார். ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகையும் கருவிழியும் இருக்காது. ஐந்து முடிந்ததும் அவற்றைப் பதிந்தாக வேண்டும், 7 வயதுக்குள் செய்தால் அது இலவசம். கவினுக்கு 2026 ஜூனில் ஐந்து முடிகிறது. எப்படியும் ஆதார் மையத்துக்குப் போகத்தான் வேண்டும், அதே நடையில் பெயரையும் சான்றிதழில் உள்ளபடி மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவதாக, இனிஷியலைத் தலைப்பில் போடுவதா, விரித்து எழுதுவதா என்று வீட்டிலேயே தீர்மானித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போக வேண்டும். வாயால் சொல்லி, எதிரில் இருப்பவர் கேட்டபடி எழுதுவதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

பிறப்புச் சான்றிதழே இல்லையென்றால்? கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக்கூடாது என்கிறது. 2010-இல் வந்த மத்திய விதிகள் மருத்துவமனை அல்லது செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, பெற்றோரின் உறுதிமொழி ஆகியவற்றை மாற்றுச் சான்றாகக் குறிப்பிடுகின்றன. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, சான்றிதழ் வாங்கப் பெற்றோருக்கு வழிகாட்டுவதுதான் பள்ளியின் வேலை.

ஆதாருக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று சொல்லிவிட்டது. இருந்தால் கொண்டுவாருங்கள், பிற்பாடு உதவித்தொகை வாங்க எளிதாகும். இல்லாவிட்டால் அதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. பலகையில் ‘ஆதார் (இருந்தால்)’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் போட்டால் தீர்ந்தது.

சாதிச் சான்றிதழைப் பற்றியும் இப்படித்தான். சலுகைகளும் உதவித்தொகையும் வேண்டுமென்றால் அந்தச் சான்றின் நகல் தேவைப்படும், சேர்க்கைக்கு அது நிபந்தனையல்ல. சாதியையோ மதத்தையோ குறிப்பிட விரும்பாத பெற்றோர் அந்த இடத்தைக் காலியாக விட 1973-லேயே தமிழ்நாட்டில் அரசாணை உண்டு. குழந்தைக்கு அதனால் என்னென்ன ஒதுக்கீடு கிடைக்காமல் போகும் என்பதை அறிந்துகொண்டு எடுக்க வேண்டிய முடிவு அது.

வேறு பள்ளியிலிருந்து மாறி வருபவர்களுக்குத்தான் அலைச்சல் அதிகம். திருப்பூரில் பனியன் வேலை பார்த்த ஒரு குடும்பம் ஆண்டு நடுவில் சொந்த ஊரான திண்டுக்கல் பக்கம் திரும்புகிறது, பெண் மூன்றாம் வகுப்பு. படித்தது தனியார் பள்ளி, ஒரு பருவக் கட்டணம் பாக்கி. அதைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் என்கிறது பழைய பள்ளி. டி.சி. இல்லாமல் எப்படிச் சேர்ப்பது என்கிறது புதிய பள்ளி. இரண்டு பக்கமும் சட்டத்துக்கு எதிரானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும். அது வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. எட்டாம் வகுப்பு வரை இதுதான் விதி. டி.சி. கட்டண வசூலுக்கான கருவியல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. பாக்கி இருப்பதை டி.சி.யில் குறிப்பிடவும் கூடாது. பாக்கியைப் பள்ளி வேறு சட்ட வழியில் வசூலித்துக்கொள்ளட்டும்.

காகிதம் கைக்கு வந்தாலும் இன்னொரு முடிச்சு இருக்கிறது, பெற்றோர் கண்ணில் படாத முடிச்சு. பழைய பள்ளி எமிஸ் தளத்தில் பிள்ளையைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்துக் ‘காமன் பூல்’ என்னும் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். அதன் பிறகுதான் புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். டி.சி.யைக் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடும் பள்ளிகள் உண்டு. பிள்ளை வகுப்பில் இருக்கும், தளத்தில் பழைய ஊரிலேயே படித்துக்கொண்டிருக்கும். அதனால் டி.சி. வாங்கும்போதே எமிஸ் எண்ணைக் குறித்துத் தரச் சொல்லி, “காமன் பூல்ல போட்டுட்டீங்களா சார்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். செய்யாவிட்டால் புதிய பள்ளியின் தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலர் மூலம் கேட்டு வாங்கலாம்.

ஆவண வரியில் கட்டாயம் போட வேண்டிய இன்னொரு சொல், நகல். டி.சி. ஒன்றைத்தான் அசலாகப் பள்ளியிடம் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் அசலைக் காட்டிவிட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஜெராக்ஸ் கொடுத்தால் போதும். ‘இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கோங்க’ என்று எந்த அலுவலகம் சொன்னாலும் பிறப்புச் சான்றிதழின் அசலை விட்டுவிட்டு வராதீர்கள்.

பலகையில் இருக்கக்கூடாத வரிகளும் உண்டு. ‘நுழைவுத் தேர்வு’, ‘பெற்றோருடன் நேர்காணல்’ என்று சில பள்ளிகள் பெருமையாகவே அச்சிடுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டிப் பார்ப்பதைத் தடைசெய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறைக்கு ஒவ்வொன்றுக்கும் 50,000 வரை. நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வந்தால் குலுக்கல் போடலாம். சுயநிதிப் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குவதும் இதே சட்டத்தில் இருக்கிறது, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாட்டில் நலிந்த பிரிவுக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். அதன் தேதிகளை அரசு தனியாக அறிவிக்கும் என்பதால் பள்ளியின் சொந்தத் தேதியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2025-இல் மத்திய நிதி இழுபறியால் அந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது.

இத்தனையும் ஒரு பலகையில் அடங்குமா? அடங்கும். ஓர் உதவி பெறும் தொடக்கப் பள்ளிக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“அன்பான பெற்றோருக்கு வணக்கம்.
2026-27 கல்வியாண்டுக்குச் சேர்க்கை தொடங்கிவிட்டது.
அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி, தமிழ் வழி, 1 முதல் 5 வகுப்பு வரை. கட்டணம் இல்லை. தேர்வு இல்லை.
முதலாம் வகுப்பு: 31.7.2021 அன்றோ அதற்கு முன்போ பிறந்த பிள்ளைகள்.
விண்ணப்பம்: மார்ச் 2, திங்கள் முதல். பள்ளி நாள்களில் காலை 10 முதல் மாலை 4 வரை. மே மாதத்தில் செவ்வாய், வெள்ளி மட்டும், காலை 10 முதல் 12:30 வரை. பள்ளி திறந்த பின்பும் சேரலாம்.
கொண்டுவர வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், ஆதார் (இருந்தால்), சாதிச் சான்றிதழ் (இருந்தால்) இவற்றின் அசலும் ஒரு நகலும். பிள்ளையின் படம் 2. வேறு பள்ளியிலிருந்து வந்தால் மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண்.
ஏதாவது ஒன்று இல்லாவிட்டாலும் பிள்ளையை அழைத்து வாருங்கள். சேர்த்துக்கொண்டு, வாங்குவதற்கு நாங்கள் உதவுகிறோம்.”

மார்ச் 1 என்று போடாமல் 2 என்று போட்டதற்குக் காரணம், 2026-இல் 1-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மே மாதக் கிழமைகளைப் போட்டதற்குக் காரணம், விடுமுறையில் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் பெற்றோர் பக்கத்துத் தனியார் பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்பது. படங்களுக்கு இதில் இடமில்லை என்று தாளாளர் வருத்தப்படலாம். ஓரத்தில் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். பலகையைப் பள்ளி வாசலில் மட்டும் கட்டுவதைவிட, ரேஷன் கடை, அங்கன்வாடி, தடுப்பூசி போடும் துணைச் சுகாதார நிலையம் ஆகிய இடங்களில் சாதாரண வெள்ளைத்தாளில் ஒட்டினால் ஐந்து வயதுப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு நேராகப் போய்ச்சேரும்.

பெற்றோர் பக்கம் ஒரே ஒரு வேலை மிச்சம். சேர்க்கை முடிந்ததும் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் கையெழுத்து கேட்பார்கள். பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பயிற்று மொழி எல்லாம் அந்த ஒரு வரிசையில் இருக்கும். பிற்பாடு டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் அதிலிருந்துதான் பிறக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரிசையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்துக்கு எழுத்து சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே, அந்த மேசையிலேயே திருத்திவிடலாம்.